பத்து வருடம் தள்ளித் தொடங்கினால் மாதத் தவணை ஏன் இவ்வளவு ஏறுகிறது? குமரி மாவட்டச் சேமிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

எனக்கு 35 வயது. என் கூட வேலை பார்க்கிறவர் 25-லேயே தொடங்கி மாதம் 2,000 ரூபாய் போடுகிறார். 55 வயதில் அவருக்குக் கிடைக்கிற தொகை எனக்கும் வேண்டுமென்றால் நான் எவ்வளவு போடணும்?

இரண்டு பேரும் பிபிஎஃப் என்னும் அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் போடுகிறீர்கள், வட்டி கடைசி வரை 7.1 சதவீதமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் தவணை 4,641 ரூபாய். அதாவது அவருடையதைப் போல 2.3 மடங்கு. அஞ்சலகத்தில் 50 ரூபாயின் மடங்காகத்தான் கட்ட முடியும் என்பதால் நடைமுறையில் 4,650.

கணக்கைப் பின்தொடர வசதியாக, மார்த்தாண்டத்தில் இரட்டையராகப் பிறந்த ஒரு அக்காவையும் தங்கையையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி வேலை. அக்கா 25 வயதில் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கி, மாதம் 2,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவருகிறார். 30 வருடம் கழித்து, 55 வயதில், அவர் கணக்கில் சுமார் 23.97 லட்சம் இருக்கும். தங்கை அதே கணக்கை 35 வயதில் தொடங்குகிறார். அவருக்கு 20 வருடம்தான் மிச்சம். இனி வரும் பதில்களில் இந்த இருவரின் கணக்குதான் ஓடுகிறது.

30 வருடம் 20 ஆகிறது. அப்போ தவணையை ஒன்றரை மடங்காக்கி 3,000 போட்டால் சரியாகிவிடாதா? மொத்தம் கட்டுவது இரண்டுக்கும் 7.2 லட்சம்தானே?

வட்டியே இல்லாமல் உண்டியலில் போட்டால் நீங்கள் சொல்வது அப்படியே சரி. வட்டி உள்ள கணக்கில் 3,000 ரூபாய் 20 வருடத்தில் 15.49 லட்சம்தான் ஆகும். அக்காவின் தொகைக்கு ஏறத்தாழ எட்டரை லட்சம் குறைகிறது.

காரணம், அக்காவின் 23.97 லட்சத்தில் அவர் கைப்பணம் 7.2 லட்சம் மட்டுமே. மீதி 16.77 லட்சமும் வட்டி. தவணையை ஒன்றரை மடங்காக்கினால் கைப்பணம் ஈடாகும், வட்டி ஈடாகாது. தங்கை 4,641 வீதம் கட்டும்போது அவர் கையிலிருந்து போவது 11.14 லட்சம், வட்டியாக வருவது 12.83 லட்சம். வட்டி செய்யாமல் விட்ட வேலையை அவர் சம்பளம் செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் பத்து வருடத்தில் அக்கா போட்டது வெறும் 2.4 லட்சம். அந்த நேரத்தில் வட்டியும் சொற்பம். அதை இழந்ததற்கா இவ்வளவு பெரிய வித்தியாசம்?

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களின் மனக்கணக்கு வழுக்குகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தங்கையும் 35 வயதில் மாதம் 2,000 தான் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 வயதில் அவரிடம் 10.33 லட்சம் இருக்கும். அக்காவின் கணக்கில் இதே 10.33 லட்சம் எப்போது இருந்தது? அவரும் 20 வருடம் கட்டி முடித்தபோது, 45 வயதில். ஆக, தங்கையின் பாஸ்புக் என்பது அக்காவின் பாஸ்புக்கில் முதல் 20 வருடத்துப் பக்கங்கள்தான். அவருக்குக் கிடைக்காமல் போனது அக்காவின் கடைசி பத்து வருடப் பக்கங்கள்.

அந்தக் கடைசிப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் வருடம் அக்காவுக்குக் கிடைத்த வட்டி 923 ரூபாய். பத்து வருடம் முடிந்தபோது இருப்பு 3.46 லட்சம். அந்த இருப்புக்கு மட்டும் பதினோராவது வருடம் கிடைக்கும் வட்டி 24,564 ரூபாய். அவர் ஒரு வருடம் முழுக்கக் கட்டுவதே 24,000 தான். அதாவது அங்கிருந்து அவருக்காக இன்னொருவரும் சேர்ந்து தவணை கட்டுவது மாதிரி ஆகிவிட்டது. 45 வயதில் அந்த வட்டி வருடத்துக்கு 73,000-ஐத் தாண்டுகிறது. முப்பதாவது வருடத்தில் மட்டும் வரும் வட்டி 1.58 லட்சம். 45-லிருந்து 55 வரை அக்காவின் கணக்கு 13.64 லட்சம் வளர்கிறது. அதில் அவர் போட்டது 2.4 லட்சம்.

தங்கை தவறவிட்டது சொற்ப வட்டி வரும் பத்து வருடத்தை அல்ல, வட்டி கொட்டும் பத்து வருடத்தை. தொடக்கத்தில் வெட்டினாலும் குறைவது வாலில்தான்.

இன்னொரு பக்கமிருந்து வந்தாலும் இதே எண்தான் கிடைக்கும். 35 வயதில் அக்காவிடம் இருந்த 3.46 லட்சத்தைத் தொடாமல் விட்டால், பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டித்து, 55 வயதில் அது மட்டுமே 13.64 லட்சமாகிறது. முதல் பத்து வருடத்தோடு அக்கா தவணையை நிறுத்தியிருந்தால்கூட, 20 வருடம் விடாமல் 2,000 கட்டிய தங்கையைவிட மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாக வைத்திருப்பார். ஒரு விஷயம்: முதல் 15 வருடத்துக்குள் தவணையை நிறுத்துவதானால் வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாயாவது போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். முடங்கிய கணக்கை, விட்டுப்போன ஒவ்வொரு வருடத்துக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டி மீட்கலாம்.

இந்த 2.3 மடங்கு எப்போதும் மாறாததா?

மாறும். வட்டி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் தாமதத்தின் விலையும் கூடும். 4 சதவீத வட்டியில் தங்கை போட வேண்டியது அக்காவைப் போல 1.9 மடங்கு. 12 சதவீதம் என்றால் 3.3 மடங்குக்கும் மேல். வட்டியே இல்லையென்றால் நீங்கள் முதலில் நினைத்த அதே ஒன்றரை மடங்கு.

பிபிஎஃப் வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 1990-களில் அது 12 சதவீதம். 2020 ஏப்ரலில் 7.1 ஆனது. முப்பது வருடத்துக்கு 7.1 நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 23.97 லட்சம் என்பதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளி எப்படி உருவாகிறது என்று காட்டத்தான் அந்த எண்.

25 வயதில் சம்பளமே குறைவு. 35-இல் கூடியிருக்கும். அப்போது 4,641 பெரிய பாரமாகத் தெரியாதே?

நியாயமான வாதம். சம்பளம் வருடம் 6 சதவீதம் ஏறினால், பத்து வருடம் முன்பு 2,000 எவ்வளவு கனமாக இருந்ததோ, அதே கனம் 35 வயதில் 3,582 ரூபாய்க்கு இருக்கும். தங்கை கட்ட வேண்டியது 4,641. ஆக அவர் பாரம் கூடத்தான் கூடுகிறது, ஆனால் 2.3 மடங்கு அல்ல, 1.3 மடங்குதான். சம்பளம் பத்து வருடமும் விடாமல் 9 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தால் இருவருக்கும் பாரம் சமம்.

ஆனால் 25-க்கும் 35-க்கும் நடுவில் சம்பளத்தோடு வேறு சிலவும் சேர்ந்து ஏறுகின்றன. கல்யாணம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. சம்பளம் இரட்டித்தவர்கள்கூட 35 வயதில் 25-ஐவிடக் கையில் குறைவாக மிஞ்சுகிறது என்று சொல்வதை நாகர்கோவில், தக்கலைப் பக்கம் அடிக்கடி கேட்கலாம். என் கருத்தில், சம்பளம் ஏறும்வரை காத்திருப்பதைவிட இப்போது முடிந்ததைத் தொடங்கி, ஏற ஏறத் தவணையை ஏற்றுவதுதான் சரி.

விலைவாசியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலைகள் வருடம் 5 சதவீதம் ஏறினால், 30 வருடம் கழித்து வரும் 23.97 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் ஐந்தரை லட்சம்தான். இது அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரிதான், இருவரும் ஒரே வருடம்தானே பணத்தை எடுக்கிறார்கள். ஆனால் இலக்கை நிர்ணயிக்கும்போது இதை மறந்தால் 55 வயதில் ஏமாற்றமாக இருக்கும்.

நான் 25 வயதிலிருந்தே சீட்டு கட்டுகிறேன். இப்போது 38. கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

சீட்டு முடிந்ததும் அந்தப் பணம் என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். 20 மாதச் சீட்டு முடிந்து பணம் வந்தது, வீட்டுக்கு டைல்ஸ் போட்டது அல்லது பைக் வாங்கியது என்றால், அடுத்த சீட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஐந்து வருட அஞ்சலக ஆர்.டி. முதிர்ந்ததும் எடுத்துச் செலவழிப்பதும் இதே கதைதான். கட்டியது 13 வருடமாக இருக்கலாம், ஆனால் எந்தப் பணமும் ஐந்து வருடத்துக்கு மேல் வட்டியில் இருக்கவில்லை. இந்தக் கணக்கில் உங்கள் தொடக்க வயது, முதல் தவணை கட்டிய வயது அல்ல. இப்போது கையில் இருக்கும் இருப்பு எப்போது சேரத் தொடங்கியதோ, அந்த வயது.

செலவுக்காகச் சீட்டு கட்டுவதில் தவறில்லை. கல்யாணத்துக்கும் வீட்டு வேலைக்கும் அது உதவுகிறது. ஆனால் அதையே 55 வயதுக்கான சேமிப்பாகவும் எண்ணிக்கொள்ளக் கூடாது.

பிபிஎஃப்-இல் நடுவில் எடுக்கலாமே? ஒரு லட்சம் எடுத்தால் ஒரு லட்சம்தானே குறையும்?

எடுக்கலாம், ஏழாவது நிதியாண்டிலிருந்து ஓரளவு வரை. அக்கா பதினோராவது வருடத் தொடக்கத்தில், 35 வயதில், ஒரு லட்சம் எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் அந்த ஒரு லட்சம் 55 வயதில் 3.94 லட்சமாகியிருக்கும். அந்த ஓட்டையை அடைக்க, மிச்சமுள்ள 20 வருடமும் மாதம் 763 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஒரு பகுதிப் பணத்துக்கு மட்டும் பத்து வருடத் தாமதத்தை நாமே வரவழைத்துக்கொள்வது என்று இதைச் சொல்லலாம்.

மருத்துவச் செலவுக்கு வேறு வழியில்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும். எடுக்கும்போது அந்த 763-ஐயும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், மாமா கடல் தொழில். மாதாமாதம் 5-ஆம் தேதி கட்ட எங்களால் முடியாதே?

மாதாமாதம் கட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு நின்றுபோகும். குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த மாதங்களில் விட்டுவிட்டு, கை நிறையும் மாதத்தில் சேர்த்துக் கட்டலாம். வருடத்துக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம் என்பதுதான் கணக்கு.

5-ஆம் தேதி ஏன் என்றால், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி முடிவுக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6-ஆம் தேதி கட்டினால் அந்தத் தவணைக்கு அந்த மாத வட்டி போய்விடும்.

ஆனால் இதற்காகத் தொடங்குவதையே தள்ளிப்போட வேண்டாம். ஒருவர் வருடத்தின் 24,000 ரூபாயையும் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஒரே தடவையாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. அப்படிக் கட்டியும் 30 வருடத்தில் அவருக்கு 23.08 லட்சம் கிடைக்கும். மாதாமாதம் சரியாகக் கட்டிய அக்காவைவிட 89,000 ரூபாய் குறைவு, அவ்வளவுதான். பத்து வருடத் தாமதம் பறித்தது 13.64 லட்சம். ஒழுங்கில்லாமல் கட்டுவதால் வரும் இழப்பும், தாமதத்தால் வரும் இழப்பும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல.

சரி, 35 ஆகிவிட்டது. மாதம் 4,650 என்னால் முடியாது. வேறு வழி?

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, முடிவு வயதைத் தள்ளுவது. 55-க்குப் பதில் 60 என்று வைத்தால் தவணை 4,641-லிருந்து 2,998 ஆகிவிடும். ஐந்து வருடம்தான் கூடுகிறது, ஆனால் அவை வாலில் வரும் ஐந்து வருடங்கள். தொடக்கத்தில் தவறவிட்டதில் பாதியை இப்படி மீட்டுவிடலாம். பிபிஎஃப் கணக்கு, தொடங்கிய நிதியாண்டு முடிந்து 15 வருடத்தில் முதிர்ந்தபின் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். படிவம் கொடுக்காமல் தொடர்ந்து கட்டும் பணத்துக்கு வட்டி கிடைக்காது. இதை அறியாமல் கட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, சிறிதாகத் தொடங்கி வருடாவருடம் ஏற்றுவது. தங்கை 3,133 ரூபாயில் தொடங்கி, ஒவ்வொரு ஏப்ரலிலும் தவணையை 5 சதவீதம் கூட்டினால் 55 வயதிலேயே அதே 23.97 லட்சத்தை எட்டிவிடலாம். கடைசி வருடத்தில் தவணை சுமார் 7,900 ஆகியிருக்கும். அது 54 வயதுச் சம்பளத்தில் கட்டுவது. அக்காவும் இதே முறையில் கட்டியிருந்தால் 25 வயதில் அவருக்கு 1,152 ரூபாயே போதும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

45 வயதில் தொடங்குகிறவர் என்ன செய்வது?

55-இல் இதே தொகை வேண்டுமென்றால் மாதம் 13,857 வரும். இது பிபிஎஃப்-இல் நடக்காது. வருட உச்சவரம்பு ஒன்றரை லட்சம் என்றால் மாதத்துக்கு 12,500 தான். அதோடு கணக்கு முதிர, தொடங்கிய நிதியாண்டு முடிந்து 15 வருடம் வேண்டும், பத்து வருடத்தில் முடிக்க இயலாது. ஏப்ரலில் தொடங்கி 61 வயது வரை, அதாவது முழு 16 வருடம் என்றால் 6,840. அதுவும் முடியாவிட்டால் இலக்குத் தொகையைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. இழந்த வருடங்களைப் பிடிக்கிறேன் என்று அதிக வட்டி தருவதாகச் சொல்லும் பதிவில்லாத நிறுவனங்களிடம் பணத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடன் இருக்கும்போதும் உடனே தொடங்கணுமா?

நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் அது வருடத்துக்கு 24 சதவீதம். 7.1 தரும் கணக்கில் போடுவதைவிட அதை அடைப்பதே லாபம். கணக்கை 500 ரூபாயில் திறந்து உயிரோடு வைத்துக்கொண்டு, கடன் தீர்ந்ததும் தவணையை ஏற்றுங்கள். 15 வருடக் கெடு அந்த 500 ரூபாய் கட்டிய நிதியாண்டின் முடிவிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

என் வயதுக்கும் இலக்குக்கும் நானே கணக்குப் போட முடியுமா?

போனில் உள்ள எந்த விரிதாளிலும் இதைத் தட்டினால் போதும்:

```
=2397000*0.071/((1.071^20-1)*(12+6.5*0.071))
```

விடை 4,641 வரும். 2397000 என்ற இடத்தில் உங்கள் இலக்கையும், 20 என்ற இடத்தில் உங்களுக்குள்ள வருடங்களையும் போடுங்கள். 20-ஐ 30 ஆக்கினால் 2,000 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் சரியாகத் தட்டியிருக்கிறோமா என்பது தெரியும். வட்டி மாறினால் 0.071 இரண்டு இடங்களிலும் மாறும், 1.071-உம் மாறும்.

அந்த 6.5 எங்கிருந்து வந்தது என்றால்: ஏப்ரல் தவணைக்கு 12 மாத வட்டி, மே தவணைக்கு 11, அப்படியே இறங்கி மார்ச் தவணைக்கு 1. கூட்டினால் 78 மாதம், அதாவது ஆறரை வருடம். பிபிஎஃப் வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும் மார்ச் 31 அன்றுதான் வரவு வைக்கப்படுகிறது, அதனால் வருடத்துக்குள் வட்டிக்கு வட்டி கிடையாது.

என் மகனுக்கு 25. மாதம் 500-க்கு மேல் முடியாது என்கிறான். அதைப் போட்டு என்ன பயன்?

அவர் பத்து வருடம் 500 வீதம் கட்டினால் கையிலிருந்து போவது 60,000. 35 வயதில் இருப்பு 86,500 அளவுக்கு இருக்கும், 55 வயதில் அது மட்டுமே 3.41 லட்சமாகும். 35-இல் அவர் முழுத் தவணைக்கு மாறும்போது 4,641 கட்ட வேண்டிய இடத்தில் 3,981 கட்டினால் போதும். இப்போது கட்டும் 500, பிறகு 20 வருடத்துக்கு மாதம் 660 ரூபாயைக் குறைத்துக் கொடுக்கிறது.